மோட்டார் உறுமுகிறது: ஸ்டெபிலைசர் வாங்கலாமா?

கேள்வி: கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பழைய வீட்டின் பின்கட்டில் 1 குதிரைத்திறன் மோட்டார் இருக்கிறது. பகலில் ஓடுகிறது, மாலை ஆறரைக்கு மேல் உறுமுகிறதே தவிர ஓடுவதில்லை. மின்சாரம் வழியிலேயே வீணாகிவிடுகிறது என்கிறார்கள். அந்த வீணுக்கும் நான்தான் பணம் கட்டுகிறேனா? ஸ்டெபிலைசர் வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் மின்னழுத்தம் எந்த இடத்தில் குறைகிறது என்று அளந்து பாருங்கள். அதைப் புரிந்துகொள்ள, மின்சாரம் வரும் வழியைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் 210 மெகாவாட் இயந்திரங்களில் மின்சாரம் 15,750 வோல்ட்டில் உற்பத்தியாகிறது. அதை அங்கேயே மின்மாற்றியால் 2,30,000 வோல்ட்டாக உயர்த்திக் கோபுரக் கம்பிகளில் அனுப்புகிறார்கள். பிறகு துணைமின் நிலையங்களில் 1,10,000 வோல்ட்டாகவும், அடுத்து 22,000 அல்லது 11,000 வோல்ட்டாகவும் படிப்படியாக இறக்கி, கடைசியில் தெருமுனை டிரான்ஸ்பார்மரில் வீட்டுக்கு உகந்த 240 வோல்ட் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள்.

ஏற்றி இறக்கும் இந்தச் சிரமம் இழப்பைக் குறைப்பதற்காகவே. கம்பியில் வீணாகும் மின்சாரம், அதில் ஓடும் ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப வெப்பமாகிறது. ஆம்பியர் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும். வோல்ட்டை உயர்த்தினால் அதே மின்சாரத்தைக் குறைந்த ஆம்பியரில் அனுப்பலாம். உதாரணமாக, டிரான்ஸ்பார்மரிலிருந்து 300 மீட்டர் தள்ளியுள்ள தெருக்கோடிக்கு 40 ஆம்பியர் போவதாகக் கொள்வோம். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 ஓம் தடையுள்ள அலுமினியக் கம்பியில், போக வர 600 மீட்டருக்குத் தடை 0.6 ஓம். அதில் 24 வோல்ட் குறைகிறது, 960 வாட் வெப்பமாகிப் போகிறது. இதே மின்சாரம் 22,000 வோல்ட்டில் அதே கம்பியில் சென்றால் அரை ஆம்பியருக்கும் குறைவே ஓடும். இழப்பு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குதான். தெருக் கம்பியில் உள்ள கடைசி சில நூறு மீட்டர்கள் அவ்வளவு முக்கியமானவை என்பது இதிலிருந்து தெரியும். மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கும் ஏசியும் ஓடத் தொடங்கியதும் கோடி வீட்டின் வோல்ட் இறங்குவதும் இதனால்தான். டிரான்ஸ்பார்மரிலும் இழப்பு உண்டு. அதன் இரும்புப் பகுதி, யாரும் விளக்கே போடாத நள்ளிரவிலும் கொஞ்சம் மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

தங்கள் மீட்டருக்கு முன்னால் நடக்கும் இந்த இழப்புகள் தங்கள் மீட்டரில் பதிவாவதில்லை. ஆனால் கட்டணத்தை நிர்ணயிக்கும்போது அவையும் கணக்கில் சேர்வதால், எல்லாரும் சேர்ந்து அவற்றைச் சுமக்கிறோம். மீட்டருக்குப் பின்னால் வீணாவது முழுவதும் தங்கள் கணக்கில்தான் ஏறும்.

செட்டிநாட்டு வீடுகளில் இது சிறிய விஷயமல்ல. மீட்டர் முகப்பில் இருக்கும், மோட்டாரோ வளவையும் இரண்டாங்கட்டையும் தாண்டி அடுத்த தெருவைத் தொடும் பின்கட்டில் இருக்கும். வயர் ஓடும் நீளம் 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விளக்குக்காக எப்போதோ இழுத்த 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரிலேயே மோட்டாரையும் இணைத்திருந்தால், போக வரத் தடை 2.1 ஓமுக்கு மேல் வரும். ஓடும்போது 6 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், புறப்படும் கணத்தில் 25 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது வயரிலேயே 54 வோல்ட் போய்விடும். மீட்டரில் மாலை 205 வோல்ட் இருந்தால் மோட்டாருக்கு எஞ்சுவது 151. மோட்டாரின் சுழற்றும் விசையும் வோல்ட்டின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், பாதி விசைகூட மிஞ்சாமல் அது உறுமி நிற்கிறது. அப்படியே விட்டால் உள்சுருள் கருகிவிடும்; உறுமல் கேட்டவுடன் அணைத்துவிடுங்கள்.

எனவே மின் பணியாளர் ஒருவரை மாலை ஏழு மணிக்கு வரச்சொல்லி, மோட்டார் புறப்படும்போது மீட்டரருகில் ஒரு முறையும் மோட்டார் முனையில் ஒரு முறையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் குறை வீட்டு வயரில் இருக்கிறது. மோட்டாருக்கென்று மீட்டரிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்தால், அந்த 54 வோல்ட் 14 ஆகக் குறையும். ஸ்டெபிலைசர் வாங்கும் பணத்தை இதற்குச் செலவிடுவதே சரி. ஏனெனில் வோல்ட் குறையும்போது ஸ்டெபிலைசர் அதைத் தூக்கிக் கொடுக்க, உள்ளே கூடுதல் ஆம்பியரை இழுக்கும். மெல்லிய வயருக்குப் பின்னால் அதை வைத்தால் வயரின் சூடும் இழப்பும் கூடும்.

மோட்டாரை நிறுத்தியிருக்கும்போதே மீட்டரருகில் 226 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், குறை தெருக் கம்பியில் இருக்கிறது. 240 வோல்ட்டில் 6 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்பது விதி. ஒரு வாரம் தினமும் இரவு ஏழு மணிக்கும் அதிகாலை ஐந்து மணிக்கும் அளந்து குறித்து, அந்த அளவுகளோடு பிரிவு அலுவலக உதவி மின் பொறியாளரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். ஒரே பேஸில் குவிந்த வீடுகளை மூன்று பேஸுக்கும் பிரித்துப் போட்டாலே பல தெருக்களில் நிலைமை சீராகும். அதுவும் போதாவிட்டால் கோடிக்கு அருகே புதிய டிரான்ஸ்பார்மர் வைப்பதுதான் வழி.