புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர்: ஒரு தோட்டக் கவிஞரின் பதிவுப் பெயரைத் தேடும் வழி

"சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழ்ந்த கவிஞர், 1960, 70களில் நாளிதழ்களில் நிறைய எழுதியவர். அவருடைய கவிதைகளைத் திரட்டி நூலாகப் போட நினைக்கிறோம். கிடைத்த எல்லாவற்றிலும் புனைபெயர்தான் இருக்கிறது. தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் அப்படி ஒருவரைத் தெரியாது என்கிறார்கள். ஏன் இப்படி? சொந்தப் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?"
— வாசகர், சுங்கை சிப்புட்

பெரியவர்களுக்கு அவரைக் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். அவர்களுக்குத் தெரியாதது அந்தப் பெயர்தான். அந்தக் காலத் தோட்டத்துக் கவிஞருக்குப் பெரும்பாலும் மூன்று பெயர்கள் இருக்கும். லயத்தில் கூப்பிடும் பெயர் ஒன்று, அடையாள அட்டையில் ரூமி எழுத்தில் இருக்கும் பெயர் ஒன்று, பத்திரிகையில் வரும் பெயர் ஒன்று. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டாமல்கூட இருக்கலாம். நீங்கள் மூன்றாவதைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். பெரியவர்கள் அறிந்தது முதலாவதை. நூலுக்கும் வாரிசு அனுமதிக்கும் வேண்டியது இரண்டாவது.

புனைபெயர் ஏன் வைத்தார்கள் என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் தேடும் வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரே தோட்டத்தில் நாலைந்து முனியாண்டி, நாலைந்து பெருமாள் இருந்த காலம் அது. தன் கவிதை தன்னுடையது என்று தெரிய வேறு பெயர் தேவைப்பட்டது. கிராணியாகவோ தமிழ்ப்பள்ளி ஆசிரியராகவோ இருந்தவருக்கு, கூலியைப் பற்றியும் லயத்து வீட்டைப் பற்றியும் எழுதிவிட்டு மறுநாள் நிர்வாகத்தின் முகத்தில் விழிக்க வேண்டிய நிலை. இந்த இரண்டு காரணங்களும் உண்மைதான். ஆனால் பெயரை வடிவமைத்ததில் பெரிய பங்கு தனித்தமிழ் உணர்வுக்கும் திராவிட இயக்கத்துக்கும் உண்டு. பெரியார் 1929லும் 1950களின் நடுவிலும் மலாயா வந்தார். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு சிங்கப்பூரிலிருந்து தோட்டங்கள் வரை வந்து சேர்ந்தது. இந்தச் சூழலில் எழுத வந்த இளைஞர்கள், தமிழகத்தில் நடந்ததைப் போலவே தங்கள் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள்.

அந்த மாற்றம் மூன்று வகையாக நடந்தது. முதல் வகை, பெயரை அப்படியே தமிழாக்குவது. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற்கலைஞர் ஆனார்: சூரியன் பரிதி, நாராயணன் மால், சாஸ்திரி கலைஞர். வேதாசலம் மறைமலை ஆனதும் இதே வழியில்தான். இந்த வகைப் பெயரைத் திருப்பிப் பெயர்த்தால் பழைய பெயர் கிடைத்துவிடும். இரண்டாவது வகை, மதிக்கும் ஒருவரின் பெயரோடு தாசன் சேர்ப்பது. கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். அவர் மீது கொண்ட பற்றால் இராசகோபாலன் சுப்புரத்தினதாசன் ஆகி, அதைச் சுருக்கிச் சுரதா ஆனார். இதில் சொந்தப் பெயரின் எழுத்து ஒன்றுகூட மிஞ்சாது. யாரை மதித்தார் என்பது மட்டும் தெரியும். மூன்றாவது வகை, பிடித்த பெயரை எடுத்துக்கொள்வது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், இராமையா அன்பழகன் ஆனதும் அப்படித்தான். பொருளை வைத்து அங்கே எதையும் ஊகிக்க முடியாது. உங்கள் கவிஞரின் பெயர் எந்த வகை என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். முதல் வகையாகத் தோன்றினால் ஊகிக்கலாம். மற்ற இரண்டும் என்றால் ஊகத்தில் நேரத்தைச் செலவழிக்காமல் நேரே தாள்களுக்குப் போய்விடுங்கள்.

அடுத்து ரூமி எழுத்துப்பிழை. உங்கள் ஊருக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் அவசரகாலம் வந்தது. அதையொட்டி 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் படமும் கைரேகையும் உள்ள அடையாள அட்டை கொடுத்தார்கள். பெயரைக் காதால் கேட்டு ரூமியில் எழுதினார்கள். கேட்டவருக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருக்கலாம், சொன்னவருக்குப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். அதனால் லட்சுமணன் என்ற ஒரே பெயர் Letchumanan, Letchumenan, Lakshmanan என்று பலவாறாகப் பதிவாகியிருக்கும். வேலு என்பது Velu என்றும் Veloo என்றும் வரும். நூலகப் பட்டியலிலோ பழைய பேரேட்டிலோ தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலோடு நிறுத்திவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து பாதித் தேடல்கள் இந்த இடத்தில்தான் செத்துப்போகின்றன.

இனி ஒரு தேடலை முழுதாகச் சொல்கிறேன். பெயர்களையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன், நடந்த முறை மாறவில்லை. உங்கள் வட்டாரத்தில் "தி. எழில்வேலன்" என்று எழுதியவரைத் தேடினோம். பெயர் முதல் வகை போலத் தெரிந்தது. எழில் என்றால் சுந்தரம், எனவே சுந்தரவேலு என்று ஊகித்தோம். கூட்டுறவுச் சங்கத்தின் பழைய உறுப்பினர் பேரேட்டில் பக்கத்துப் பிரிவில் ஒரு சுந்தரவேலு இருந்தார். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். ஆனால் எழில்வேலனின் கவிதை ஒன்று 1969 மே கலவரத்துக்குப் பிறகு வந்த ஊரடங்கைப் பேசுகிறது. அந்தச் சுந்தரவேலு 1967இலேயே காலமாகிவிட்டார். பொருத்தம் எவ்வளவு அழகாக இருந்தாலும், கவிதையின் காலமும் ஆளின் காலமும் ஒத்துவராவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். விட்டோம்.

அப்புறம் வேறு பக்கத்திலிருந்து வந்தோம். கிடைத்த கவிதைகளைத் தேதிவாரியாக அடுக்கினோம். மாதம் இரண்டு, மூன்று என்று வந்தவை ஒரு நாளில் சட்டென்று நின்றிருந்தன. அங்கிருந்து நாளிதழ்களை முன்னோக்கிப் புரட்டினோம். கவிதைப் பக்கத்தை விட்டுவிட்டு விளம்பரப் பக்கங்களை மட்டும் பார்த்தோம். நம் நாட்டில் கருமக்கிரியை அறிவிப்பும் ஓராண்டு நினைவாஞ்சலியும் நாளிதழில் போடுவது வழக்கம். புனைபெயரும் சொந்தப் பெயரும் ஒரே இடத்தில் சேர்ந்து அச்சாவது பெரும்பாலும் அங்கேதான், ஏனென்றால் சொந்தக்காரர்களுக்கும் தெரிய வேண்டும், வாசகர்களுக்கும் தெரிய வேண்டும். நின்ற தேதிக்கு ஏறக்குறைய 14 மாதம் தள்ளி, படத்தோடு ஒரு நினைவாஞ்சலி இருந்தது. "திருமலை வடிவேலு (எழில்வேலன்)" என்று போட்டிருந்தார்கள். வடிவு என்றாலும் எழில்தானே! எங்கள் ஊகத்தின் வழி சரி, சொல்தான் தவறு. புனைபெயரின் "தி." திருமலையின் முதலெழுத்து என்பதும் பொருந்தியது.

இதோடு முடிக்கவில்லை. ஒரே ஒரு தாளை வைத்து நூலில் பெயரை அச்சிடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அஞ்சலி போட்ட குடும்பத்தைத் தேடிப் போனோம். மகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். அதில் வானொலியிலிருந்து வந்த சன்மானச் சீட்டு ஒன்று. கவிதைத் தலைப்பு, அடையாள அட்டை எண், Vadiveloo என்ற பெயர். புனைபெயருக்குக் காசோலை எழுத முடியாது, எனவே பணம் கொடுத்த இடமெல்லாம் பதிவுப் பெயரைக் கேட்டிருக்கும். அதே கவிதை எழில்வேலன் பெயரில் நாளிதழில் வந்திருந்ததை நாங்கள் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சான்றுகள் ஆயின. லயத்தில் அவரை "மணி" என்றுதான் கூப்பிட்டார்களாம். அதனால்தான் பெரியவர்கள் ஒருவருக்குக்கூட வடிவேலு நினைவில் இல்லை.

ஆகவே நீங்கள் பெரியவர்களிடம் திரும்பப் போகும்போது பெயரைச் சொல்லாதீர்கள். "தீபாவளிக்கு, கோயில் திருவிழாவுக்கு யார் வாழ்த்துப்பா எழுதிக் கொடுப்பார்? கல்யாணத்தில் யார் வாழ்த்துமடல் வாசிப்பார்? யார் வீட்டில் பேப்பர் கட்டுக்கட்டாக இருந்தது?" என்று கேளுங்கள். லயத்துப் பெயர் கிடைத்துவிடும். அந்தப் பெயரோடு தோட்டத்துப் பழைய செக்ரோல், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் புத்தகம், தோட்டத் தொழிலாளர் சங்க அட்டை என்று குடும்பங்களில் தேடலாம். தொழிலாளர் சங்கத்தின் சங்கமணியிலும் பாருங்கள். நாளிதழ் கவனிக்காத தோட்டத்து எழுத்தாளர்கள் பலர் அங்கே கிடைப்பார்கள்.

அச்சில் தேட, முரசு நெடுமாறன் தொகுத்த மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தில் தொடங்குங்கள். அது 1887 முதல் 1987 வரை நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டியது. தமிழ் முரசின் பழைய இதழ்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் NewspaperSG தளத்தில் உள்ளன. தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே நம்பத்தக்க வழி. தமிழ் நேசன் போன்றவற்றுக்குக் கோலாலம்பூரில் தேசிய நூலகத்திலும் மலாயாப் பல்கலைக்கழக நூலகத்திலும் கேளுங்கள். ஒரே புனைபெயரை இருவர் வைத்துக்கொண்டதும் உண்டு. கவிதைக்குக் கீழே ஊர்ப்பெயர் இருக்கும், அதையும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஊர் திடீரென்று மாறி, நடையும் மாறினால் அது வேறு ஆளாக இருக்கலாம்.

பெயர் உறுதியானதும் தேசியப் பதிவிலாகாவில் இறப்புப் பதிவைக் கேட்க வாரிசையே அனுப்புங்கள். எழுத்துக்கூட்டல் எத்தனை விதமாக இருந்தாலும் அடையாள அட்டை எண் ஒத்துப்போனால் ஆள் ஒருவர்தான். ஆனால் அந்த எண்ணை நூலில் அச்சிட வேண்டாம்.

பதிப்புரிமையையும் சொல்லிவிடுகிறேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, புனைபெயரில் வந்த படைப்புக்கு முதலில் வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 50 ஆண்டு பாதுகாப்பு. 1972இல் வந்த கவிதைக்கு அது 2022 முடிவோடு தீர்ந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் எழுதியவர் யார் என்று தெரிந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. அப்போது அவர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 50 ஆண்டு. 1980இல் இறந்தவர் என்றால் 2030 கடைசி வரை உரிமை வாரிசுகளிடம்தான். நீங்கள் தேடிக் கண்டுபிடித்த பிறகு பழைய கணக்கைச் சொல்லி அச்சிட முடியாது. பிள்ளைகள் எல்லோரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். அப்போதே அட்டையில் எந்தப் பெயர் வர வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். எழில்வேலனின் மகள், அட்டையில் எழில்வேலன் மட்டும் இருக்கட்டும், உள்ளே முதல் பக்கத்தில் "தி. வடிவேலு" என்று போடுங்கள் என்றார். அப்படியே போட்டோம்.