‘ரேபிட்’, ‘ஸ்விஃப்ட்’, ‘ப்ராம்ப்ட்’: எந்த வேகம்?

கேள்வி: மளிகைக் கடைக்கு ஆன்லைன் பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கப் போகிறேன். ஒரு கம்பெனி ‘ரேபிட்’ என்கிறது, இன்னொன்று ‘ஸ்விஃப்ட்’, மூன்றாவது ‘ப்ராம்ப்ட், ரெஸ்பான்சிவ்’ என்கிறது. எது அதிக வேகம்?

பதில்: ‘ரேபிட்’, ‘ஸ்விஃப்ட்’ இரண்டுக்கும் அளவு கிடையாது. எத்தனை நொடி என்று சொல்லாதவரை, நாளை மெதுவாக ஓடினாலும் நீங்கள் கேட்க முடியாது. அவற்றை விட்டுவிடுங்கள்.

‘ரெஸ்பான்சிவ்’தான் ஏமாற்றும் சொல். பட்டனைத் தட்டியதும் திரை உடனே அசைகிறது என்பது ஒரு பொருள். மொபைல், டேப்லெட், கம்ப்யூட்டர் எதில் திறந்தாலும் பக்கம் அந்தத் திரைக்குத் தக்கபடி அமையும் என்பது இன்னொரு பொருள். வெப்சைட் செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வார்கள், அதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை. எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று நேராகவே கேளுங்கள்.

‘ப்ராம்ப்ட்’ என்பது அநேகமாக சாஃப்ட்வேரைப் பற்றியதே அல்ல, உதவிக்குக் கூப்பிட்டால் ஆள் பதில் சொல்வதைப் பற்றியது. அதிலும், ‘உங்கள் புகார் பதிவானது’ என்று தானாக வரும் மெசேஜையே பதில் என்று கணக்கு வைப்பவர்கள் உண்டு. முதல் பதிலுக்கு எவ்வளவு நேரம், கோளாறு சரியாக எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

சரி, உண்மையான வேகத்தை எப்படிப் பார்ப்பது? டெமோவில் பத்துப் பொருள்தான் ஏற்றியிருப்பார்கள், அதில் எதுவும் பறக்கும். இலவசமாக ஓட்டிப் பார்க்கும் நாட்களில் உங்கள் முழுப் பொருள் பட்டியலையும் ஏற்றுங்கள். சம்பளம் வந்த முதல் வாரத்தில், மாலைக் கூட்டத்தில், கடையில் இருக்கும் அதே நெட்டில் ஓட்டுங்கள். ‘சேவ்’ தட்டியதிலிருந்து பிரிண்ட் கிளம்பும்வரை எத்தனை நொடி என்று 20 பில்லுக்குக் குறித்து வையுங்கள்.

18 பில் ஒவ்வொன்றும் 1 நொடியில் முடிகிறது, மீதி 2 பில் தலா 11 நொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 நொடி, சராசரி 2 நொடி. கம்பெனி ‘சராசரி 2 நொடி’ என்றால் அது பொய்யில்லை. ஆனால் வரிசையில் நிற்பவர் முகம் சுளிப்பது அந்த 11 நொடியில்தான். அதனால் சராசரியை விடுத்து, ‘நூறில் 95 பில் எத்தனை நொடிக்குள் முடியும்?’ என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள்.

தாமதம் உங்கள் நெட்டிலும் இருக்கலாம். அதே நேரத்தில் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அங்கே வேகமாக ஓடினால் கடை இணைப்பைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி இழுத்தால் சந்தேகம் கம்பெனியின் சர்வர் மேல். அப்படியானால் வருடச் சந்தா கட்டாதீர்கள். மாதச் சந்தா கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், தீபாவளிக் கூட்டம் தாண்டும்வரை அதிலேயே இருங்கள்.