பாயிண்ட் எப்போது காலாவதியாகும் என்பதை எளிய தமிழில் எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஹோட்டலின் பாயிண்ட் திட்ட விதிகளை, இங்கிலீஷ் அதிகம் படிக்காத விருந்தினர்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். '24 மாதம் செயல்பாடு இல்லையெனில் புள்ளிகள் காலாவதியாகும்' என்று எழுதினால் போதுமா?

போதாது. 'செயல்பாடு' என்றால் என்ன என்பதில்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். ஆப்பைத் திறந்து பார்த்தாலே கணக்கு உயிரோடு இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. பெரும்பாலான திட்டங்களில் அது கணக்கில் வராது. ரூம் புக் செய்வதும் வராது. தங்கி முடித்து பாயிண்ட் ஏறினாலோ, இருக்கும் பாயிண்டைச் செலவழித்தாலோதான் வரும்.

ஒருவர் கடைசியாகத் தங்கி பாயிண்ட் ஏறியது 2024 மார்ச் 10 என்று வைத்துக்கொள்வோம். 2026 பிப்ரவரியில் புக் செய்கிறார், தங்கப்போவது மார்ச் 20. மார்ச் 10-லேயே பழைய பாயிண்ட் மொத்தமும் போய்விடும். கையில் புக்கிங் இருந்தும் போகும் என்பதுதான் அவருக்கு வலிக்கும்.

அதனால் இப்படி எழுதுங்கள்: 'கடைசியாகப் பாயிண்ட் ஏறிய அல்லது செலவழித்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மறுபடி ஒருமுறை பாயிண்ட் ஏற வேண்டும், அல்லது செலவழிக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பாயிண்டும் போய்விடும். புக்கிங் மட்டும் போதாது.'

அதற்கு முன் மூல விதியைச் சரிபாருங்கள். சில திட்டங்களில் ஒவ்வொரு பாயிண்டுக்கும் அது ஏறிய நாளிலிருந்தே கெடு ஓடும். இடையில் எத்தனை முறை தங்கினாலும் தள்ளிப்போகாது. அங்கே மேலே சொன்ன வாசகம் தவறு.

முடிந்தால் பில்லிலேயே 'இந்தத் தேதி வரை செல்லும்' என்று அவரவர் தேதியை அச்சிட்டுக் கொடுங்கள். மாதக் கணக்கை அவர்கள் தலையில் போடாதீர்கள்.