ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு: உணவக ஷிப்ட் அட்டவணை போடுவது எப்படி?

கேள்வி: கிள்ளானில் ஓர் உணவகத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். காலை 7 முதல் இரவு 10 வரை கடை. வாரம் ஆறு நாள், நாளுக்கு 8 மணி நேர ஷிப்ட். "15 நிமிடம் டீ பிரேக் நாலு தடவை கொடுக்கிறோம், மொத்தம் ஒரு மணி நேரம் ஆச்சே" என்கிறார் முதலாளி. மதியம் 12 முதல் 2.30 வரை கூட்டம், யாரையும் விட முடியாது. ஒருவரைக் காலை 7–11, மறுபடி மாலை 5–8.30 என்று வரச் சொல்கிறார். மாலை 5 முதல் 10 வரை ஒரு கல்லூரி மாணவி வருகிறாள். யாருக்கு எப்போது ஓய்வு கொடுக்க வேண்டும்?

பதில்: தீபகற்ப மலேசியாவில் இதற்கு 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60A பிரிவைப் பார்க்க வேண்டும் (சபா, சரவாக்கில் வேறு சட்டம்). தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் யாரையும் வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு வேண்டும் என்கிறது அது. அதோடு நிற்கவில்லை. 30 நிமிடத்துக்குக் குறைந்த எந்த இடைவெளியும் அந்த ஐந்து மணி நேரத் தொடர்ச்சியை முறிக்காது என்றும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. உங்கள் முதலாளியின் கணக்கு விழுவது இங்கேதான். நாலு பதினைந்தைக் கூட்டினால் அறுபது வரலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்த ஊழியர் காலை 7 மணியிலிருந்து ஓய்வே இல்லாமல் வேலை செய்தவர்தான். டீ பிரேக்கை நிறுத்தச் சொல்லவில்லை, தாராளமாகக் கொடுங்கள். அரை மணி ஓய்வுக்கு அது ஈடாகாது, அவ்வளவுதான்.

ஓய்வைத் தொடுவதற்கு முன்பு ஷிப்டின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 45 ஆகக் குறைந்துவிட்டது. ஆறு நாளும் எட்டு மணி நேரம் என்றால் 48 வருகிறது, மூன்று மணி நேரம் அதிகம். நாளுக்கு ஏழரை மணி நேரமாக வைத்தால் கணக்கு நேராகும். ஐந்து நாள் எட்டு, ஆறாம் நாள் ஐந்து என்றும் வைக்கலாம். இங்கே ஏழரையையே எடுத்துக்கொள்கிறேன்.

ஓய்வை எங்கே வைப்பது என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். ஓய்வுக்கு முன்னும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, பின்னும் தாண்டக் கூடாது. பலரும் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பின்பக்கத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். ஏழரை மணி நேர வேலையில் ஐந்தைக் கழித்தால் இரண்டரை. ஆகவே வேலை தொடங்கி இரண்டரை மணி நேரத்துக்கு முன் ஓய்வு ஆரம்பிக்கக் கூடாது, ஐந்து மணி நேரத்துக்குப் பிந்தவும் கூடாது.

காலை 7 மணி ஆளுக்கு இதைப் பொருத்தினால், ஓய்வு 9.30க்கும் 12க்கும் நடுவில் தொடங்க வேண்டும். மதியக் கூட்டம் கலையட்டும் என்று 2.30 வரை நிறுத்தி வைத்தால் ஏழரை மணி நேரமும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். 11 முதல் 11.30 வரை கொடுங்கள். முன்னே நாலு, பின்னே மூன்றரை, 3 மணிக்கு வீட்டுக்குப் போகலாம். காலையில் இரண்டு பேர் இருந்தால் ஒருவரை 10.30க்கு அனுப்புங்கள். மதியச் சாப்பாடாக இருக்காது, பசியாறலுக்கும் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட ஒன்றாக இருக்கும். உணவக வேலையில் அதைத் தவிர்க்க முடியாது.

9 மணிக்குத் தொடங்கும் ஷிப்ட் இருந்தால் அதுதான் வம்பு. அவருடைய ஓய்வு 11.30க்கும் 2க்கும் நடுவில் தொடங்க வேண்டும், அதில் பெரும்பகுதி உங்கள் கூட்ட நேரம். 11.30க்கே அனுப்பினால் 12 முதல் மாலை 5 வரை சரியாக ஐந்து மணி நேரம், ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. அவரை 10 மணிக்கு வரச் சொல்லுங்கள். ஓய்வுக்கான நேரம் 12.30க்கும் 3க்கும் நடுவே நகர்ந்துவிடும், கூட்டம் கலைந்ததும் 2.30க்கு அனுப்பலாம், மாலை 6க்கு வேலை முடியும். ஓய்வு இடிக்கிறது என்றால் முதலில் தொடங்கும் நேரத்தை நகர்த்திப் பாருங்கள். மாலை ஆள் 2 மணிக்கு வந்தால் 5.30 முதல் 6 வரை ஓய்வு, இரவு 10க்கு முடிவு. கழுவித் துடைக்க அரை மணி பிந்தினாலும் பின்பக்கம் நாலரைதான்.

கல்லூரி மாணவிக்கு ஐந்து மணி நேரம் சரியாக வருகிறது. 'ஐந்துக்கு மேல்' என்பதுதான் தடை, ஆகவே ஓய்வு கட்டாயமில்லை. ஆனால் கடைசி மேசை எழுந்து போகப் பத்து நிமிடம் பிந்தினாலே மீறல். அவளை 5.30க்கு வரவழைப்பது பாதுகாப்பு.

ஓவர்டைம் வரும்போதும் இதே அளவுகோல்தான். மாலை ஆள் வரவில்லை, காலை ஆளை 5 மணி வரை நிறுத்துகிறீர்கள் என்று வையுங்கள். அவர் 11.30க்குத் திரும்பியவர், ஐந்து மணி நேரம் 4.30க்கே முடிகிறது. 3 மணிக்கு இன்னோர் அரை மணி கொடுத்துவிட்டு மேற்கொண்டு வேலை வாங்குங்கள்.

7–11, 5–8.30 என்று பிரித்த ஷிப்டில் வேலை ஏழரை மணி நேரம்தான், நடுவில் ஓய்வும் தாராளம். ஆனாலும் அது செல்லாது. வேலையில் கால் வைத்ததிலிருந்து, இடைவேளைகளையும் சேர்த்து, நாளின் வேலை நேரம் பத்து மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. இங்கே பதின்மூன்றரை வருகிறது. ஏழரை மணி நேர வேலைக்கு இடைவேளை மொத்தம் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

விடாமல் ஆள் நின்று பார்க்க வேண்டிய வேலைக்கு ஒரு விலக்கு உண்டு. சாப்பிட மொத்தம் 45 நிமிடமாவது கொடுத்து, அதையும் சேர்த்து எட்டு மணி நேரம் தொடர்ந்து வேலை வாங்கலாம். மதியக் கூட்டம் அதிகம் என்பதற்காக உணவகம் அந்தக் கணக்கில் வந்துவிடாது.

தாளில் எல்லாம் சரியாக இருந்தும் கெடுவது கல்லாவில்தான். தட்டை எடுத்து வைத்து இருபது நிமிடம் ஆகியிருக்கும், "ஒரு பில் போட்டுட்டு வா" என்று குரல் வரும். அந்த ஓய்வு அதோடு போயிற்று. திரும்பி வந்து மிச்சம் பத்து நிமிடம் உட்கார்ந்தாலும் இருபதும் பத்தும் முப்பது ஆகாது, முழு அரை மணியைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தானே தீர்மானிக்க முடியாமல் முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரம் வேலை நேரம் என்பதுதான் சட்டத்தின் விளக்கம். "கல்லாவிலேயே உட்கார்ந்து சாப்பிடு" என்பது ஓய்வு இல்லை.

அதற்கு விலையும் உண்டு. மாதச் சம்பளம் 1,950 வெள்ளி என்றால் 26ஆல் வகுத்தால் நாளுக்கு 75, ஏழரையால் வகுத்தால் மணிக்கு 10 வெள்ளி. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 15 வெள்ளி. தினமும் பறிபோகும் அரை மணிக்கு ஏழரை வெள்ளி. 26 நாளில் ஒருவருக்கு மட்டும் 195 வெள்ளி. சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் இருப்பவருக்கு இந்த ஓவர்டைம் விகிதம் பொருந்தாது, ஓய்வு விதி பொருந்தும்.

பஞ்ச் கார்டில் வந்த நேரமும் போன நேரமும் மட்டும் இருந்தால், ஓய்வு கொடுத்ததைக் காட்ட முதலாளியிடமும் ஒன்றும் இருக்காது, கிடைக்கவில்லை என்று காட்ட ஊழியரிடமும் ஒன்றும் இருக்காது. ஓய்வுக்குப் போன நிமிடமும் திரும்பிய நிமிடமும் பதிவாக வேண்டும். எல்லாருக்கும் எல்லா நாளும் மிகச் சரியாக 11.00–11.30 என்று ஒரே கையெழுத்தில் மாதக் கடைசியில் நிரப்பிய அட்டையைத் தொழிலாளர் துறை அதிகாரி பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.