சஷ்டி விரதமும் நெஞ்செரிச்சலும்: மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு 47 வயது, திருநகரில் இருக்கிறோம். ஒவ்வொரு வருடமும் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு விரதம் இருப்பேன். வழக்கமாக நாலு வேளை குடிக்கும் காபியும் அந்த ஆறு நாள் கிடையாது. இரண்டாம் நாளே தலை பிளக்கிறது. அதற்கும் முட்டிவலிக்கும் மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை போடுவேன். நான்காம் நாள் நெஞ்செரிச்சல் வந்துவிடும். சூரசம்ஹாரம் முடிந்து வீட்டுக்கு வந்து இலை போட்டுச் சாப்பிட்டால், அன்று ராத்திரி தொண்டை வரை புளித்து வருகிறது. கேஸ் மாத்திரையும் கேட்கவில்லை. விரதத்தை விட மனமில்லை, என்ன செய்வது?

பதில்: விரதத்தை விட வேண்டாம். உங்கள் தொல்லை பட்டினியில் தொடங்கவில்லை, காபியில் தொடங்குகிறது. தினமும் நாலு டம்ளர் காபிக்குப் பழகிய உடம்பு, திடீரென்று அது நின்றால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலியாகக் காட்டும். ஒன்றிரண்டு நாளில் அது உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே அடங்கும். நீங்கள் அது அடங்கும்வரை காத்திருக்காமல் வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடுகிறீர்கள். நான்காம் நாள் எரிச்சலுக்கு முதல் காரணம் அநேகமாக அதுதான்.

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்கும் ஒரு பொருளைச் சுரக்கவிடாமல் தடுக்கின்றன. இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சளிப்படலத்துக்கும் அதே வகைப் பொருள்தான் ஆதாரம். ஆக, வலியோடு சேர்த்து வயிற்றின் காவலும் போய்விடுகிறது. ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான், மருந்து ரத்தத்தின் வழியாக வந்து வேலை செய்கிறது. உணவு வராத நேரத்திலும் இரைப்பை கொஞ்சம் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். சாதாரண நாளில் சோறும் குழம்பும் அதை மட்டுப்படுத்தும். உங்கள் வயிற்றில் அப்போது அதுவும் இல்லை.

அதனால் சஷ்டி தொடங்குவதற்கு பத்து நாள் முன்பே காபியைக் குறைக்க ஆரம்பியுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு வேளை வீதம் நிறுத்திக்கொண்டே வந்தால், காப்புக் கட்டும் நாளில் அநேகமாகத் தலைவலியே இருக்காது. கடைசியாக நிறுத்த வேண்டியது காலைக் காபி. மீறித் தலை வலித்தால் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் ஒன்று போதும், கல்லீரல் கோளாறு இல்லாதவர்களுக்கு அது வயிற்றைக் கெடுக்காது. அந்த ஆறு நாள் முட்டிக்கும் அதையே போடலாம், வெந்நீர் ஒத்தடமும் கொடுங்கள்.

கேஸ் மாத்திரை என்று நீங்கள் எழுதியது பேன்டோபிரசோல் அல்லது அந்த வகை மருந்தாக இருக்கும் என்று நினைக்கிறேன். எரியும்போது போட்டு உடனே பலன் எதிர்பார்த்தால் அது கேட்காது. உணவு வரும்போது விழித்துக்கொள்ளும் அமிலச் சுரப்பிகளைத்தான் அது அடைக்கும். எனவே சாப்பிடுவதற்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும், முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். உங்கள் மருத்துவர் எழுதித் தந்தால் விரதத்துக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, அன்றன்று அதிகமாகச் சாப்பிடும் வேளைக்கு அரை மணி முன்பு போடுங்கள். சட்டென்று எரிச்சல் அடங்க வேண்டுமென்றால் வெள்ளையாக இருக்கும் ஆன்டாசிட் திரவம் இரண்டு ஸ்பூன் எடுக்கலாம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்டுவிட்டு எடுங்கள். தண்ணீரில் போட்டால் பொங்கும் உப்புப் பொடி வேண்டாம். அதில் சோடியம் அதிகம், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

பாலைப் பற்றி ஒரு வார்த்தை. குடித்ததும் இதமாக இருக்கும், அப்புறம் அதில் உள்ள புரதமும் கால்சியமும் மறுபடியும் அமிலத்தைத் தூண்டும். ஒரே மூச்சில் பெரிய டம்ளர் குடிப்பதைவிட, அரை டம்ளராக வாழைப்பழத்தோடு பல வேளை எடுப்பது நல்லது. எலுமிச்சைச் சாற்றை வெறும் வயிற்றில் தவிருங்கள். இளநீர் தாராளமாகக் குடிக்கலாம்.

இனி ஆறாம் நாள் இரவு. சம்ஹாரம் பார்த்துவிட்டு கூட்டத்தில் நசுங்கி வீடு சேர ஒன்பது மணி ஆகும். அப்போது சாம்பார், வத்தக்குழம்பு, வடை, பாயசம் எல்லாம் முடித்துப் பத்து மணிக்குப் படுத்தால் என்ன நடக்கும்? எண்ணெயும் நெய்யும் கலந்த சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க நாலைந்து மணி நேரம்கூட எடுக்கும். நிரம்பிய வயிறும் கொழுப்பும் சேர்ந்து உணவுக்குழாயின் கீழே உள்ள வால்வைத் தளர்த்திவிடும். படுத்ததும் அமிலம் மேலே ஏறும். தொண்டை வரை புளித்து வந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது இதுதான்.

அன்று இலையே போட வேண்டாம். முதலில் ஒரு டம்ளர் நொய்க் கஞ்சி, மிதமான சூட்டில், உப்பும் கொஞ்சம் மோரும் சேர்த்துக் குடியுங்கள். அரை மணி கழித்துப் பசித்தால் இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி இல்லாமல். அதோடு சரி. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும், அன்று முடியாது என்றால் கஞ்சியோடு நிறுத்திவிடுங்கள். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அமிலம் ஏறுவது குறையும். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும், பதிலாகக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரை அடி உயரத்துக்குக் கட்டை வையுங்கள்.

மறுநாள் காலை இட்லி, மதியம் விருந்து. அப்போதும் சோறு வழக்கத்தில் பாதி, பருப்பு, ரசம், மோர் என்று போகட்டும், வடை ஒன்று. விருந்து முடிந்து கீழவாசல் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கக் கூப்பிடுவார்கள், அதை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரமலான் நோன்பு துறக்கும் நண்பர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: கஞ்சி சரி, கூடவே வரும் சமோசாவும் வடையும்தான் சிக்கல்.

விருந்துக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி கிளம்பி, முதுகு அல்லது வலது தோள் பக்கம் பரவி, அரை மணிக்கு மேல் விடாமல் நின்றால் அது அசிடிட்டி இல்லை. பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், ஸ்கேன் பாருங்கள். பட்டினியில் தேங்கிய பித்தநீரை எண்ணெய்ச் சாப்பாடு ஒரேயடியாக வெளியே தள்ளும்போது கல் வாயில் அடைத்துக்கொள்ளும்.

நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடையிலோ கையிலோ வலி இருந்தால் கேஸ் என்று சோடா வாங்கிக் குடிக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு இப்படி மந்தமாகத் தெரிவது உண்டு. மலம் தார் போல் கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ வயிற்றில் புண் கசிகிறது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அதைச் சாப்பிடாதவருக்குக் கறுத்தால் சந்தேகமே வேண்டாம்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறீர்களா என்று எழுதவில்லை. போடுவதாக இருந்தால் விரதத்துக்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். சில மாத்திரைகள் பட்டினியில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும், சிலவற்றை விரத நாட்களில் அறவே நிறுத்த வேண்டியிருக்கும். போகும்போது முட்டிக்கு நீங்கள் போடும் மாத்திரையின் அட்டையையும் எடுத்துப் போங்கள். சஷ்டி இல்லாத மாதங்களிலும் வாரத்தில் இரண்டு நாள் எரிச்சல் இருந்தால், எண்டோஸ்கோபி தேவையா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.