அலுவல் மெயிலில் சிரிப்பு முகமும் ஆச்சரியக்குறியும்: கேள்வி பதில்

தாமதத்தைச் சொல்லி வாடிக்கையாளருக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: "மன்னிக்கவும்! அறிக்கை வெள்ளிக்கிழமைதான் வரும்! புரிந்துகொள்வீர்கள் என நம்புகிறேன்! 🙂" அனுப்பலாமா?

வேண்டாம். அவருக்கு இது கெட்ட செய்தி. அங்கே சிரிப்பு முகத்தைப் பார்த்தால், அவருடைய சிரமத்தை நீங்கள் லேசாக எடுத்துக்கொண்டதாகத்தான் தோன்றும். மூன்று ஆச்சரியக்குறிகள் பதற்றத்தைக் காட்டுகின்றன. மெயில் கடுமையாகத் தெரியாமல் இருக்க வேண்டுமானால் விவரம் கொடுங்கள்:

"அறிக்கை புதன்கிழமைக்குப் பதில் வெள்ளி மாலை 4 மணிக்குள் வரும். இரண்டு கிளைகளின் கணக்கு தாமதமாகக் கிடைத்ததே காரணம். முதல் பகுதி தயார், வேண்டுமானால் இன்றே அனுப்புகிறேன். தாமதத்துக்கு வருந்துகிறேன்."

அவர் "பரவாயில்லை" என்று பதில் போட்டால், அப்போது "மிக்க நன்றி!" என்று எழுதுங்கள். ஆச்சரியக்குறிக்கு அதுதான் இடம். ஒரு மெயிலுக்கு ஒன்று போதும்.

எமோஜியே கூடாது என்பதுதான் அலுவல் நெறி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அறிமுகம் இல்லாதவருக்கு எழுதும்போது நீங்கள் சொல்வது சரி. அப்படிப்பட்ட அலுவல் மெயிலில் சிரிப்பு முகம் நெருக்கத்தைக் கூட்டவில்லை, எழுதியவரின் திறமையைத்தான் குறைத்துக் காட்டியது என்று 2017-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. ஆனால் நீண்ட நாள் கூடவே வேலை செய்பவர் சிரிப்பு முகத்தோடு எழுதும்போது, வெறும் "சரி." என்று பதில் போனால் கோபமோ என்று அவர் யோசிப்பார். முதலில் அவர் போடட்டும், அப்புறம் நீங்கள் போடலாம். மேலாளர் போட்டால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் உறுதியான விதி இல்லை, ஆளைப் பொறுத்தது.

நான் எமோஜி போடுவதே இல்லை. ஆனாலும் என் மெயிலில் வரி முடிவில் "J" இருக்கிறது என்கிறார்கள். வைரஸா?

வைரஸ் இல்லை. நீங்கள் `:)` தட்டுகிறீர்கள், அவுட்லுக் அதை விங்டிங்ஸ் எழுத்துருவின் சிரிப்பு முகமாக மாற்றிவிடுகிறது. அந்த எழுத்துருவில் J இருக்கும் இடத்தில்தான் அந்த முகம் இருக்கிறது. பெறுபவரின் செயலி விங்டிங்ஸைக் காட்டாவிட்டால் மொட்டையாக J மட்டும் தெரியும். மாறிய உடனே `Ctrl+Z` அழுத்தினால் பழையபடி வந்துவிடும். நிரந்தரமாக நிறுத்த, `AutoCorrect Options` பட்டியலிலிருந்து அந்த வரியை நீக்குங்கள்.

விலைப்பட்டியல் அனுப்பினேன், பதிலாக 👍 மட்டும் வந்தது. ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். 2023-ல் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் இதே குழப்பம் நீதிமன்றம் வரை போனது. ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தின் படம் குறுஞ்செய்தியில் வந்தது, விவசாயி 👍 அனுப்பினார். 'கிடைத்தது' என்றுதான் சொன்னேன் என்பது அவர் வாதம். இதற்கு முன்பும் ஓரிரு சொல்லிலேயே அவர் ஒப்பந்தங்களை உறுதிசெய்திருந்ததைப் பார்த்து, அது சம்மதம்தான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேறொரு நாட்டில், அப்படி முன்பழக்கம் இல்லாத இருவருக்கு இதே முடிவு வரும் என்று சொல்ல முடியாது. "இந்த விலைக்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி அனுப்ப முடியுமா?" என்று இன்றே கேட்டுவிடுங்கள்.