கேஸ் அடுப்பில் சுடும் சோளம் ஏன் வறண்டு போகிறது?

வேலூர் கோட்டைப் பக்கம் தள்ளுவண்டியில் வாங்கும் சோளம் சாறோடு இருக்கிறது, வீட்டில் கேஸ் அடுப்பில் சுட்டால் மேலே கருகி உள்ளே வறண்டு போகிறது. எவ்வளவு நேரம் சுடணும்?

முதலில் கதிரைப் பாருங்க. ஒரு மணியை நகத்தால் குத்தினால் பால் தெறிக்கணும். மாவு மாதிரி வந்தால் அது முற்றிய கதிர், அதை எப்படிச் சுட்டாலும் சாறு வராது. குக்கரில் வேகவைக்கத்தான் சரி. பறித்த பிறகு கதிரில் இருக்கும் சர்க்கரை மெல்ல மாவாக மாறிக்கொண்டே இருக்கும், அதனால் வாங்கிய அன்றைக்கே சுடுவது நல்லது.

தோலை மொத்தமாக உரித்துவிட்டு நேரடித் தீயில் வைப்பதுதான் பெரும்பாலும் தப்பு. கரி நெருப்பின் சூடு பரவலாகப் படும், கேஸ் தீயோ ஒரே இடத்தைத் தாக்கும், உள்ளே சூடு போவதற்குள் மேல்மணி காய்ந்துவிடும். நான் செய்வது இப்படி: வெளித்தோலை எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் இரண்டு மூன்று மெல்லிய தோலை விட்டுவைப்பேன், குஞ்சத்தை மட்டும் நறுக்கிவிட்டு பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைப்பேன். அப்புறம் மிதமான தீயில், நிமிடத்துக்கு ஒரு தடவை திருப்பிக்கொண்டே 8 முதல் 10 நிமிடம். தோலுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி மணியை வேகவைத்துவிடும். தோல் கருகி உதிர ஆரம்பித்ததும் இடுக்கியால் பிடித்து உரித்து, வெறும் கதிரை 2 நிமிடம் மட்டும் தீயில் காட்டுங்க, அந்தப் புகைவாசனைக்காக. மணி படபடவென்று வெடித்து, சுருங்கத் தொடங்கினால் நேரம் தாண்டிவிட்டது.

உப்பு, மிளகாய்த்தூள், எலுமிச்சை எல்லாம் இறக்கிய பிறகுதான், சூடு ஆறுவதற்குள் தேய்க்கணும்.